லிஃப்ட் நின்றுவிட்டது: தொடர்மாடிக் குழுவுக்கு அவசர அறிவிப்பு எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச்சரிவில் கட்டிய தொடர்மாடிகளின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்புக் கட்டடங்களுக்கென்று எழுதிய அறிவுரைகள் நமக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. அங்கே ஒரு கட்டடத்துக்குத் தரை ஒன்றுதான். கண்டியிலும் ஹற்றனிலும் பண்டாரவளையிலும் சரிவில் நிற்கும் கட்டடத்துக்கு இரண்டு தரைகள் இருக்கக்கூடும்.

உதாரணத்துக்குக் கண்டியில் ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். நிலத்தளமும் அதற்கு மேல் ஆறு மாடிகளும், ஒரே லிஃப்ட். முன்வாசல் கீழ் வீதியில், நிலத்தளத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் சரிவு உயர்ந்து மேல் வீதியைத் தொடுகிறது. அங்கிருந்து ஒரு சிறு பாலம் நேரே 3ஆம் மாடிக்கு வருகிறது. ஒக்டோபர் மாதம், இடியும் மழையுமான ஒரு மாலை. 2ஆம் மாடிக்கும் 3ஆம் மாடிக்கும் இடையில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. கீழேயுள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கட்டடத்தைச் சுற்றியே போகும்.

லிஃப்ட் இப்போதுதான் நின்றது. வாட்ஸ்அப் குழுவில் என்ன போடுவது?

இதைப் போடுங்கள்:

"*லிஃப்ட் ஓடாது. பொத்தானை அழுத்த வேண்டாம், கதவைத் தொட வேண்டாம்.*
ஒக்டோபர் 14, மாலை 6.20.
2ஆம், 3ஆம் மாடிகளுக்கு இடையில் நிற்கிறது. உள்ளே இருவர். அவர்களுடன் பேசினோம், நலமாக இருக்கிறார்கள். டெக்னீஷியன் வந்துகொண்டிருக்கிறார்.
2ஆம் மாடியிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள் மேல் வீதி வாசலால் வாருங்கள். கேட் திறந்திருக்கிறது, காவலாளி அங்கே நிற்கிறார்.
படியேற முடியாதவர்கள், நோயாளிகள் செயலாளரை அழையுங்கள்.
அடுத்த தகவல் 6.50க்கு."

இதற்கு மேல் வேண்டாம். முதல் வரியின் இருபுறமும் உள்ள * குறி வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிப்பாக்கும். பூட்டிய திரையில் பெரும்பாலும் முதல் வரி மட்டுமே தெரியும் என்பதால், "அன்பான குடியிருப்பாளர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் அந்த வணக்கம் மட்டுமே பலர் கண்ணில் படும். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்கும் செயலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவசர அறிவிப்பில் மரியாதை என்பது ஆளைக் காக்க வைக்காமல் இருப்பதுதான்.

ஏன் நின்றது என்று எழுதாவிட்டால் எல்லோரும் கேட்பார்களே?

கேட்பார்கள். ஆனால் நின்ற பத்தாவது நிமிடத்தில் காரணம் உங்களுக்கும் தெரியாது. இடி விழுந்து மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்கலாம். கதவு ஓடும் தவாளிப்பில் கல் சிக்கியிருக்கலாம். கதவுப் பூட்டின் மின்தொடுகை சரியாகப் படாமல் இருக்கலாம். "கரண்ட் பிரச்சினைபோல" என்று ஊகமாக ஒன்றை எழுதிவிட்டால், கரண்ட் வந்தவுடன் யாராவது பொத்தானை அழுத்துவார்கள். காரணத்தை டெக்னீஷியன் சொன்ன பிறகு, கடைசி அறிவிப்பில் எழுதுங்கள்.

திகதியும் நேரமும் மட்டும் கட்டாயம் வேண்டும். இத்தகைய செய்திகளை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஒருவர் அனுப்புவார், அவர் மூன்று நாள் கழித்து "அம்மா, லிஃப்ட் ஓடவில்லையாமே" என்று பதறி அழைப்பார்.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் லிஃப்டின் பேசும் கருவியில் கேளுங்கள். அது வேலை செய்யாவிட்டால் மாடி மாடியாக நடந்து, வெளிக்கதவுக்கு அருகில் நின்று, சத்தமாகக் கூப்பிட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கதவைத் தட்டலாம், தள்ளவோ இழுக்கவோ கூடாது. உள்ளே இருப்பவரின் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போவது சாதாரணம், ஆகவே "யாரும் அழைக்கவில்லை, அதனால் யாரும் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆள் இருந்தால், வெளியில் ஒருவர் அந்த மாடியிலேயே நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். வேறு எதையும்விட இது அவர்களைத் தாங்கும். பெயரைக் கேளுங்கள், சளி இருமல், இழைப்பு, நீரிழிவு, இதய நோய் ஏதும் உண்டா என்று கேளுங்கள், டெக்னீஷியன் எங்கே வந்துவிட்டார் என்பதைச் சொல்லிக்கொண்டிருங்கள். பெயரைக் குழுவில் எழுத வேண்டாம். வீட்டாருக்கு நேரே அழைத்துச் சொல்லுங்கள். பேரன் மாட்டிக்கொண்ட செய்தியை ஒரு பாட்டி எண்பது பேர் இருக்கும் குழுவில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஆள் இல்லாவிட்டால் "உள்ளே யாரும் இல்லை, ஒவ்வொரு மாடியிலும் பார்த்துவிட்டோம்" என்று அறிவிப்பில் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாதபோதுதான் இளைஞர்கள் கம்பியும் கையுமாகக் கிளம்புகிறார்கள்.

உள்ளே மூச்சு முட்டிவிடாதா? கயிறு அறுந்து விழுந்தால்?

லிஃப்ட் கூண்டு காற்றுப் புகாத பெட்டி அல்ல. அதில் காற்றோட்டத்துக்கென்றே இடைவெளிகள் விட்டிருப்பார்கள். மின்விசிறி நின்றால் புழுங்கும், வியர்க்கும், பயத்தில் மூச்சு வேகமாகும். ஆனால் காற்று தீர்ந்துவிடாது.

கயிற்றைப் பற்றிய பயமும் தேவையில்லாதது. கயிற்றில் இயங்கும் லிஃப்டைப் பல எஃகுக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன. அதையும் மீறிக் கூண்டு அளவுக்கு மேல் வேகமெடுத்தால், வேகத்தைக் கண்காணிக்கும் ஒரு கருவி கூண்டின் அடியில் உள்ள பிடிகளை இயக்கிவிடும். அவை இருபுறத் தண்டவாளங்களையும் கவ்விக் கூண்டை நிறுத்திவிடும். லிஃப்டின் பிரேக்கும் மின்சாரம் இருந்தால்தான் விலகும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதைத் தானாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதாவது நின்றுவிட்ட கூண்டு, நின்ற இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. ஆபத்து தொடங்குவது, நாம் ஆளை அதிலிருந்து அவசரமாக வெளியே எடுக்கப் பார்க்கும்போது.

எங்கள் மாடியில் பலசாலிப் பையன்கள் இருக்கிறார்கள். கதவை நெம்பி இறக்கிவிட்டால் என்ன?

கூண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நம் உதாரணத்தில் கூண்டின் தரை 2ஆம் மாடித் தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2ஆம் மாடிக் கதவை நெம்பித் திறக்கிறார்கள். மேலே கூண்டின் அடிப்பாகம் தெரிகிறது. அதற்குக் கீழே? ஒன்றுமில்லை. கிணறு, அடித்தளக் குழிவரை. உள்ளே இருப்பவர் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுக் குதிக்கிறார். உடல் முன்னே போகாமல் பின்னே சரிந்தால், அந்த இடைவெளியால் நேரே கிணற்றுக்குள் விழுவார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் உயிரிழக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. அவர் பாதி வெளியே வந்த நேரத்தில் கூண்டு அசைந்தால் நடப்பதைச் சொல்லவே வேண்டாம்.

திறந்த கதவு திறந்தபடியே கிடப்பது அடுத்த ஆபத்து. மின்சாரம் இல்லாத இருட்டு மாடியில், வழக்கம்போல லிஃப்டுக்குள் காலெடுத்து வைப்பவர் யாராகவும் இருக்கலாம்.

ஆகவே அறிவிப்பில் "கதவைத் தொட வேண்டாம்" என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.

காவலாளியிடம் வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாலே லிஃப்ட் ஓடிவிடுகிறது. எதற்குக் காத்திருக்க வேண்டும்?

சாவி வைத்திருப்பது ஒன்று, பயிற்சி வேறு. லிஃப்ட் கம்பனி முறையாகப் பயிற்சி கொடுத்து, அதைக் குழுவும் எழுத்தில் பதிந்துவைத்திருந்தால் அவர் மீட்புப் பணி செய்யலாம். இல்லாவிட்டால் அந்தச் சாவி பெட்டியில் இருப்பதே நல்லது.

மெயின் சுவிட்ச் விஷயத்தில் பலருக்கும் பாதி மட்டுமே தெரியும். உள்ளே ஆள் இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து வைப்பது சரியான முதல் வேலைதான், ஏனென்றால் மீட்கும் நேரத்தில் கூண்டு தானாக நகரக் கூடாது. கூண்டின் விளக்குக்குப் பொதுவாகத் தனி மின்சுற்று இருக்கும், அதை அணைக்கக் கூடாது. ஆனால் அணைத்த சுவிட்சை மறுபடி போட்டு "ஓடுகிறதா பார்ப்போம்" என்பது வேறு கதை. லிஃப்ட் ஏதோ ஒரு பழுதைக் கண்டுதான் நின்றிருக்கிறது. சுவிட்சைப் போட்டால் அந்தப் பழுதின் பதிவு அழிந்து, பழுது இருக்கும்போதே ஓடத் தொடங்கலாம். அடுத்த முறை நிற்பது யாருடன் என்று தெரியாது.

கையால் பிரேக்கை விடுவித்துக் கூண்டைக் கீழே இறக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. லிஃப்டின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பாரம், வெறும் கூண்டைவிடக் கனமானது. கூண்டின் எடையோடு அது ஏற்றக்கூடிய முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்த அளவில் அதை அமைப்பார்கள். அதனால் ஓரிருவர் மட்டும் உள்ளே இருக்கையில் பிரேக்கை விட்டால், கூண்டு கீழே வராது, மேலே போகும். எதிர்பார்த்ததற்கு நேரெதிராக ஓடும் ஒன்றை இருட்டில் கையாள்வது டெக்னீஷியனின் வேலை.

அவர் வரத் தாமதமாகி, உள்ளே இருப்பவருக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், அல்லது புகை தெரிந்தால், காத்திருக்க வேண்டாம். தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள், அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள்.

எல்லோரும் படியால் வரட்டும் என்று எழுதினால் போதாதா? எந்த வாசல் என்று ஏன் எழுத வேண்டும்?

மலையகக் கட்டடத்தில் மாற்றுவழி என்பது இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நம் கட்டடத்தில் மாடிக்குப் பதினெட்டுப் படி. கீழ் வீதியிலிருந்து 6ஆம் மாடிக்கு 108 படி. மேல் வீதி வாசலால் வந்தால் 54. 4ஆம் மாடிக்காரருக்கு 72 படி 18 படியாகக் குறைகிறது. முச்சக்கர வண்டி கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னும் நல்ல செய்தி 1ஆம், 2ஆம், 3ஆம் மாடிக்காரர்களுக்கு. போகும்போது கீழ் வாசலால் இறங்கிப் போகலாம். வரும்போது மேல் வீதியில் இறங்கி, 3ஆம் மாடிக்குப் பாலத்தால் வந்து, அங்கிருந்து தம் மாடிக்கு இறங்கலாம். ஒரு படிகூட ஏறாமல் நாள் முழுவதும் போய் வரலாம். இதய நோயாளிக்கும் மூச்சிழைப்பு உள்ளவருக்கும் இதைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். அறிவிப்பில் இந்த விளக்கம் எல்லாம் சேர்த்தால் யாரும் படிக்க மாட்டார்கள். முழங்கால் வலிக்காரர் கதை வேறு. அவருக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருக்கலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் மேல் வாசலை அறிவிப்பதற்கு முன் ஒருவர் அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் மேல் கேட் பூட்டியே கிடக்கும், சாவி கீழ் வாசல் காவலாளியின் மேசை லாச்சியில் இருக்கும். மழை காலத்தில் அந்தப் பாலத்தில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். பகலில் தெரியும், இரவில் செருப்பு வழுக்கிய பிறகு தெரியும். விளக்கு எரிகிறதா, கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா, பாசியைத் தேய்த்துக் கழுவியாயிற்றா என்று பார்த்துவிட்டு "கேட் திறந்திருக்கிறது" என்று எழுதுங்கள். கனமழையில் மேல் வீதிப் பக்கத்து மண் மேடு சரிந்திருந்தாலோ, தாங்குசுவரில் புதிய வெடிப்பு அல்லது கலங்கிய நீர்க்கசிவு தெரிந்தாலோ அந்த வழியை அறிவிக்கவே கூடாது. அப்போது கீழ் வாசலும் பொறுமையும்தான் வழி.

இன்னொன்று, மாடி எண். மேல் வீதியிலிருந்து வருபவர் 3ஆம் மாடியைத்தான் "கீழ் மாடி" என்பார். ஆகவே அறிவிப்பில் "கீழ் மாடி", "தரை மாடி" என்றெல்லாம் எழுதாமல் லிஃப்ட் பொத்தானில் உள்ள எண்ணையே எழுதுங்கள்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார், 5ஆம் மாடி. நாளைக் காலை கண்டி தேசிய வைத்தியசாலையில் கிளினிக். என்ன செய்வது?

கிளினிக்கை ஒத்திப்போட முடியுமா என்று முதலில் வார்டையோ கிளினிக்கையோ அழைத்துக் கேளுங்கள். இரத்தச் சுத்திகரிப்புப் போன்றவற்றை ஒத்திவைக்க முடியாது. அப்படியானால் இன்றிரவே செயலாளரிடம் சொல்லுங்கள். விடிந்த பிறகு ஆள் தேடினால் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

5ஆம் மாடியிலிருந்து 3ஆம் மாடிக்கு இரண்டு மாடி இறக்கினால் போதும், பாலத்தால் நேரே மேல் வீதி. கைகளால் தள்ளும் சாதாரண நாற்காலி என்றால் இரண்டு பேர் போதும், மூன்று பேர் நல்லது. பிரதானமானது இது: இறக்கினாலும் ஏற்றினாலும் நாற்காலியின் முதுகு எப்போதும் மேல்படிப் பக்கம் இருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, வலுவானவர் பின் கைப்பிடிகளைப் பிடித்து மேலே நிற்பார். மற்றவர் கீழ்ப்படியில் நின்று முன்புறச் சட்டத்தைப் பிடிப்பார். கைதாங்கியையும் பாதப்பலகையையும் பிடிக்கக் கூடாது. பல நாற்காலிகளில் அவை கழற்றக்கூடியவை, பாதிப் படியில் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு படியாக, ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, பின்சக்கரம் படியில் பதிந்த பிறகே அடுத்தது. படி ஈரமாக இருந்தால் துடைத்த பிறகு தொடங்குங்கள். அம்மாவிடமும் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். சாய்க்கும்போது பயந்து கைப்பிடிக் கம்பியைப் பற்றினால் எல்லோரும் சரிவார்கள்.

மின்கலத்தில் ஓடும் நாற்காலியைத் தூக்க நினைக்க வேண்டாம். அது வீட்டிலேயே இருக்கட்டும், இறக்கிக் கொண்டுபோகக் கையால் தள்ளும் நாற்காலி ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள்.

1990க்கு அழைத்தால் அவர்கள் தூக்கிக்கொண்டு போக மாட்டார்களா?

வருவார்கள், உதவுவார்கள். ஆனால் பொதுவாகச் சாரதியும் மருத்துவ உதவியாளருமாக இரண்டு பேர்தான் வருகிறார்கள். அழைக்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: லிஃப்ட் ஓடவில்லை, நோயாளி எத்தனையாம் மாடியில், வண்டி எந்த வீதிக்கு வர வேண்டும். மூன்றாவதைச் சொல்ல மறந்தால் வண்டி கீழ் வீதிக்கு வந்து நிற்கும். திரும்பிச் சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும். வீதி முனையில் ஒருவரை டோர்ச்சுடன் நிறுத்துங்கள். பனிமூட்டமான இரவில் கேட் பெயர்ப்பலகை வண்டிக்காரருக்குத் தெரியாது.

கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் வருகின்றன. மேலே எப்படிக் கொண்டுபோவது?

12.5 கிலோ சிலிண்டரைப் படியில் தூக்க வேண்டாம், உருட்டவும் வேண்டாம். இரண்டு நாள் தாக்குப்பிடிக்க 5 கிலோ சிலிண்டர் போதும். மூட்டையைக் காவலாளி அறையில் வைத்துவிட்டு வேண்டிய அளவு அள்ளிக்கொண்டு போங்கள். படிக்கட்டு நடுவில் எதையும் இறக்கி வைக்காதீர்கள், இப்போது அது எல்லோருக்கும் ஒரே வழி.

கரண்ட் போனதால்தானே நின்றது? ஜெனரேட்டர் போட்டதும் ஏறலாமா?

மின்வெட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் பாதிப் பயம் குறையும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று செய்த வேலையால் நாடு முழுதும் இருளில் மூழ்கியது நினைவிருக்கும். குரங்குகளோடு தினமும் மல்லுக்கட்டும் நமக்கு அந்தச் செய்தி அவ்வளவாக வியப்பளிக்கவில்லை. அப்படி ஊரே இருண்டால் மின்தடையை முறையிடும் 1987க்கு அழைத்துப் பயனில்லை. உங்கள் கட்டடத்துக்கு மட்டும் போயிருந்தால் அழைப்பது பயன் தரும்.

சில லிஃப்டுகளில் மின்சாரம் போனதும் பற்றரியால் கூண்டை அருகிலுள்ள மாடிக்கு மெல்லக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் சாதனம் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா, பற்றரி கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பராமரிப்புப் பதிவேட்டில் பாருங்கள். பற்றரி செத்துப்போயிருந்தால் சாதனம் சுவரில் தொங்கும் அலங்காரம்தான்.

ஜெனரேட்டர் வந்ததும் ஓடிப்போய் ஏற வேண்டாம். காவலாளி ஆளில்லாமல் லிஃப்டைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை அனுப்பி, ஒவ்வொரு மாடியிலும் கூண்டுத் தரையும் மாடித் தரையும் சமமாக நிற்கின்றனவா, கதவு முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று பார்க்கட்டும். இது மின்வெட்டால் நின்ற லிஃப்டுக்கு மட்டும். மின்சாரம் இருக்கும்போதே நின்ற லிஃப்டுக்குப் பொருந்தாது.

மழை பெய்தால் மட்டும் எங்கள் லிஃப்ட் நிற்கிறது. ஏன்?

அடிக்குழியைப் பாருங்கள், அதாவது டெக்னீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தின் மிகத் தாழ்ந்த இடம் அதுதான், சரிவில் ஊறிவரும் நீர் கடைசியில் அங்கே வந்து சேரும். நீர் மட்டம் உயர்ந்தால் குழியில் உள்ள மின்தொடுகைகள் நனைந்து லிஃப்ட் நின்றுவிடும். நிலத்தளக் கதவருகே புழுங்கிய சேற்று மணம் வருவதும், கூண்டு கீழே வரும்போது நீர் தெறிக்கும் சத்தம் கேட்பதும் அடையாளங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் உடனே குழுவில் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட கட்டடத்தில் கனமழை எச்சரிக்கை வந்த நாளில், கூண்டை 3ஆம் மாடிக்கோ அதற்கு மேலோ கொண்டுபோய், ஆளில்லை என்று உறுதிசெய்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடலாம். பழுதான பிறகு அறிவிப்பதைவிட, "இன்றிரவு 8 மணிக்கு லிஃப்டை நிறுத்துகிறோம், மழை விட்டதும் குழியைப் பார்த்த பிறகு காலையில் போடுவோம்" என்று முன்கூட்டியே அறிவிப்பது எவ்வளவோ மேல். முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எங்கள் குழுவில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறோம். எந்த மொழியில் போடுவது?

சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, தேவைப்பட்டால் ஆங்கிலத்தில் ஒன்று, தனித்தனிச் செய்திகளாக. மூன்றையும் ஒரே செய்தியில் அடுக்கினால் கடைசி மொழிக்காரர் "மேலும் படிக்க" அழுத்த வேண்டியிருக்கும். நேரமும் மாடி எண்ணும் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்புமுன் பாருங்கள். வாசல் பெயர் அறிவிப்பு எழுதும்போது யோசிக்கிற விஷயமல்ல. இப்போதே மூன்று மொழியிலும் முடிவுசெய்து கேட்டில் பலகை மாட்டுங்கள்.

கைத்தொலைபேசி பார்க்காத முதியவர்கள் எல்லா மாடியிலும் இருப்பார்கள். ஒவ்வொரு மாடி லிஃப்ட் கதவிலும் பெரிய எழுத்தில் ஒரு தாள், கதவுக்குக் குறுக்கே ஒரு கதிரை. தாளைப் படிக்காதவரையும் கதிரை நிறுத்தும்.

அறிவிப்பைப் போட்டதும் ஆளாளுக்குக் கேள்வி, கோபம், கைகூப்பும் படங்கள். முக்கியச் செய்தி மேலே போய்விடுகிறதே?

குழுவின் அமைப்பில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டு, அறிவிப்பு குழுவின் மேலேயே நிற்கும்படி அதைப் "பின்" செய்யுங்கள். கேள்விகளுக்கு ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்ற சண்டைக்குக் கூட்டம் இருக்கிறது, கூட்டத்தில் நானும் சேர்ந்து சண்டை போடுவேன்.

தகவல் மாறினால் பழைய செய்தியைத் திருத்தாமல் புதிதாக ஒன்று போடுங்கள். திருத்தினால் யாருக்கும் மணியடிக்காது. 6.50க்கு என்று சொன்னால் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 6.50க்கு எழுதுங்கள். நம் கட்டடத்தில் அது இப்படி இருக்கும்:

"*லிஃப்ட் இன்னும் ஓடாது.* ஒக்டோபர் 14, மாலை 6.50. உள்ளே இருந்த இருவரும் வெளியே வந்துவிட்டார்கள், நலம். டெக்னீஷியன் சோதிக்கிறார். மேல் கேட் இரவு முழுதும் திறந்திருக்கும். அடுத்த தகவல் 8.30க்கு."

இருவரும் வெளியே வந்துவிட்டார்கள் என்பதைப் படித்ததும் பாதிப் பேர் லிஃப்ட் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அதனால்தான் "இன்னும் ஓடாது" என்பது முதலில் வருகிறது.

"சரியாகிவிட்டது" என்று எப்போது எழுதலாம்?

டெக்னீஷியன் வாயால் சொன்னால் போதாது. பதிவேட்டில் என்ன பழுது, என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, நீங்களும் அவரும் கூண்டில் எல்லா மாடிக்கும் ஒருமுறை போய்வந்த பிறகு எழுதுங்கள். தற்காலிகமாகச் சரிசெய்தேன், பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று சொன்னால், ஓட்டுவது பாதுகாப்பானதா என்பதையும் அதே பதிவேட்டில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் லிஃப்ட் நின்றபடியே இருக்கட்டும்.

"*லிஃப்ட் ஓடுகிறது.* ஒக்டோபர் 14, இரவு 9.05. 3ஆம் மாடிக் கதவுப் பூட்டின் தொடுகை பழுது, மாற்றியாயிற்று. எல்லா மாடியிலும் சோதித்தோம். கதவு மூடும்போது வித்தியாசமான சத்தம் கேட்டால் ஏறாமல் காவலாளியிடம் சொல்லுங்கள். மேல் கேட் 10 மணிக்குப் பூட்டப்படும். அதன் பிறகு கீழ் வாசல்."

இதைப் போட்ட கையோடு பழைய பின்னை எடுத்துவிடுங்கள், மாடிகளில் ஒட்டிய தாள்களையும் கதிரைகளையும் காவலாளி எடுத்துவிட்டாரா என்று பாருங்கள். ஒரு மாடியில் தாள் மிச்சமிருந்தாலும் அடுத்த நாள் காலை முழுவதும் அழைப்புகள் வரும்.